மாலிக் நீக்கிய ஐந்தாவது விதிவிலக்கு

எல்லோரும் அலுவலகத்துக்குத் திரும்பி வர வேண்டும் என்ற ஆணையை எழுதிய மூன்று பேரும், அவரவர் வீட்டில் உட்கார்ந்துகொண்டுதான் அதை எழுதினார்கள். மாலிக்குக்கு அதில் வேடிக்கை எதுவும் தெரியவில்லை. மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே கைலி. அந்தக் கோலத்தில் 'ஊழியர்களின் நேரடி வருகை இன்றியமையாதது' என்ற வரியைத் தட்டச்சு செய்தான். செய்துவிட்டு அம்மா மாடிக்குக் கொண்டுவந்து வைத்த டீயைக் குடித்தான்.

பாகூர் கடைத்தெருவில் கயிறு, சாக்கு, தார்ப்பாய் விற்கும் மைதீன் பிச்சையின் மகன் அவன். முன்னால் கடை, பின்னால் வீடு, மேலே ஓர் அறை. அந்த அறைதான் அவன் ஆபீஸ். தொற்றுக் காலத்தில் ஒரு மாதத்துக்கு என்று மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தவன், தொற்று போய், ஊரடங்கு போய், முகக்கவசம் போய், அதையெல்லாம் ஊரே மறந்தும் போன பிறகும் கீழே இறங்கவில்லை. பெண் வீட்டார் வந்து, "மாப்பிள்ளைக்கு எங்க வேலை?" என்று கேட்டால் அத்தா விரலை மேலே காட்டுவார். "மாடியில." வந்தவர்கள் விட்டத்தைப் பார்ப்பார்கள். இரண்டு இடம் அப்படியே தட்டிப்போனது.

அவன் வேலை பார்த்த கம்பெனி வில்லியனூர் சாலையில் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தில் இருந்தது. பள்ளிக்கூடங்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் வருகைப் பதிவு மென்பொருள் செய்து விற்பார்கள். ஒருநாள் முதலாளி ஆளில்லாத மாடிகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஊருக்கெல்லாம் அட்டெண்டன்ஸ் விக்கிறோம், நம்ம ஆபீஸ்ல ஈகூட பிரசென்ட் இல்ல" என்றாராம். மறுவாரம் குழு போட்டார்கள். மனிதவள மேலாளர் செல்வகுமாரி தலைவர். சோதனைப் பிரிவிலிருந்து அன்புராஜ். வருகைப் பதிவு விதிகளை மென்பொருளாக எழுதுகிறவன் என்பதால் மாலிக்.

விதி என்றால் மாலிக்குக்கு உயிர். அவன் உட்கார்ந்த குழுவில் ஆணை இப்படி உருவானது. ஜூலை முதல் தேதியிலிருந்து வாரத்தில் மூன்று நாள், செவ்வாய், புதன், வியாழன், கட்டாய வருகை. அட்டையைத் தேய்த்து உள்ளே வந்ததற்கும் கடைசியாக வெளியே போனதற்கும் இடையில் ஆறு மணி நேரமாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அரை நாள்தான். முதல் இரண்டு வாரம் சலுகைக் காலம்; வராதவர்களுக்கு எச்சரிக்கை மட்டும் போகும். அதற்குப் பிறகு வராத நாள் விடுப்பில் கழியும், விடுப்பு தீர்ந்தால் சம்பளத்தில் கழியும். விதிவிலக்கு கேட்பவர்கள் ஜூன் பத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதற்குப் பிறகு நேர்வதற்கு மனிதவள மேலாளர் அதிகபட்சம் இரண்டு வாரம் தரலாம்.

அட்டை மறந்தவர்களைப் பற்றி செல்வகுமாரி கேட்டாள். "மறந்தா மறந்ததுதான் மேடம்," என்றான் மாலிக். "விசிட்டர் டேக் வாங்கிக்கினு உள்ள வரட்டும். ஆனா வந்ததா கணக்கு கெடையாது. ரெண்டு தடவ அப்படி ஆச்சுன்னா மூணாவது தடவ மறக்க மாட்டாங்க."

"ரொம்ப கறாரா இருக்குதே மாலிக்."

"ஸ்கூல் பசங்களுக்கு இதத்தான மேடம் விக்கிறோம்."

விதிவிலக்குகள் ஐந்து என்றுதான் முதல் வரைவில் இருந்தது. டாக்டர் சான்றிதழோடு உடல்நலக் குறைவு. கர்ப்பிணிகளும் ஒரு வயதுக்குள் குழந்தை உள்ள தாய்மார்களும். மாற்றுத்திறனாளிகள். படுத்த படுக்கையாக இருக்கும் பெற்றோரையோ துணையையோ பார்த்துக்கொள்பவர்கள், அதற்கும் டாக்டர் சான்றிதழ். ஐந்தாவதாக, 'பிற குடும்பச் சூழ்நிலைகள்' என்று செல்வகுமாரி எழுதியிருந்தாள்.

மாலிக் அந்த ஐந்தாவதன்மேல் பாய்ந்தான். "இது விதிவிலக்கு இல்ல மேடம், மதில் சுவத்துல ஓட்டை. மொத்த ஆபீசும் இதுல பூந்து வெளிய போயிடும்."

திரையில் அன்புராஜின் முகம் சுருங்கியது. கிருமாம்பாக்கத்தில் கரும்பும் நெல்லும் போடுகிற குடும்பம் அவனுடையது. "குடும்பம்னா எதாச்சும் வரும்பா. எல்லாத்தையும் முன்னாலயே எழுதி வெக்க முடியுமா?"

"இந்த நாலுல இல்லாத கஷ்டம் ஒன்னு சொல்லு, பாக்கலாம்."

"ஆலையிலேர்ந்து வெட்டு உத்தரவு வரும். வந்தா ஒரு வாரம் நான் ஆளுங்ககூட வயல்ல நிக்கணும். எங்கப்பாவுக்கு முட்டி போயிடுச்சி."

"கரும்பு உன் குடும்பமாடா?"

"நான் பொறக்கறதுக்கு முன்னாலேர்ந்து குடும்பம். எங்கப்பாகிட்ட கேளு, என்னவிட அதுமேலதான் பாசம்."

செல்வகுமாரி சிரித்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து மாலிக்கின் முதுகுக்குப் பின்னால் அத்தா ஒரு சாக்குக் கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனார். தினமும் அப்படித்தான் போவார். வெயிலில் உலர்த்தவேண்டிய சாக்கு எல்லாம் சரியாக மாலிக் மீட்டிங்கில் இருக்கும்போதுதான் ஈரமாக இருக்கும். கம்பெனியில் பாதிப் பேருக்கு மாலிக்கின் முகத்தைவிட அவர் பனியன் முதுகு பழக்கம். திரும்பி வரும்போது குனிந்து கேமராவுக்குள் முகத்தை நுழைத்தார்.

"செல்வகுமாரி அம்மா, நல்லாருக்கீங்களா? அரியாங்குப்பத்துல மழையா?"

"நல்லாருக்கேன்பா. மழை இல்ல."

"இவன் இன்னா எழுதறான்?"

"எல்லாரையும் ஆபீஸ் வரச் சொல்லி ஆர்டர் போடறோம்பா."

அத்தா மகனை மேலிருந்து கீழே பார்த்தார். மேஜைக்கு அடியில் வரைக்கும் பார்த்தார். "நீயும் போவியாடா?"

"போவேன் அத்தா."

"கைலியோடவா?"

அன்புராஜ் சிரித்த சிரிப்பில் அவன் திரை ஆடியது. மாலிக் ஒலியை அணைத்தான். ஐந்து நிமிடம் கழித்து ஐந்தாவது விதிவிலக்கையும் எடுத்தான். எழுதிய செல்வகுமாரியே அவன் பக்கம் சாய்ந்ததில் இரண்டுக்கு ஒன்று வாக்கு. நல்ல வேலை செய்த திருப்தியோடு கீழே போய்ச் சாப்பிட்டான். மே மாத நடுவில் ஆணை எல்லோருக்கும் போயிற்று.

ஜூன் பதினாலு, சனிக்கிழமை. அத்தா விடியற்காலை பஜ்ரு தொழுகைக்கு எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான். அதற்கு மேல் சொல்ல டாக்டரிடம் எதுவும் இல்லை, மாலிக்கிடமும் இல்லை. சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்தார்கள். முந்தின நாள் உலர்த்திய சாக்கு மொட்டைமாடியில் அப்படியே கிடந்தது. ராத்திரி மழை வந்து அதை நனைத்தது.

அம்மா பாத்திமுத்து இத்தா உட்கார்ந்தாள். கணவனை இழந்த பெண் நாலு மாதம் பத்து நாள் அவசியம் இல்லாமல் வீட்டைவிட்டு வெளியே போகாமல், அலங்காரம் இல்லாமல், அந்நிய ஆண்கள் முன்னால் வராமல் இருக்கும் காலம் அது. கணக்குப் போட்டால் அக்டோபர் கடைசிவரை வந்தது. வில்லியனூரில் கட்டிக்கொடுத்த அக்கா சபிஹா பத்து நாள் இருந்துவிட்டுப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காகக் கிளம்பினாள். வீட்டில் அம்மாவும் மாலிக்கும் மட்டும்.

அப்போதுதான் மாலிக் கணக்கை இன்னொரு பக்கத்திலிருந்து பார்த்தான். சிலிண்டர்காரன் வந்தால் யார் போவது? சாக்கு லோடு வந்தால் லாரிக்காரனிடம் யார் பேசுவது? அம்மாவுக்குத் திடீரென்று ஏதாவது ஆனால்? யோசிக்க யோசிக்கக் காரணங்கள் பெருகின. அத்தா போன பிறகு அவன் கைலியை மாற்றுவதற்கே மறந்திருந்தான். ஆனால் காரணங்களை வரிசைப்படுத்துவதில் மட்டும் பழைய திறமை குறையவில்லை.

கணினியைத் திறந்து விதிவிலக்கு விண்ணப்பத்துக்குப் போனான். அவன் கையால் செய்த பக்கம். 'காரணத்தைத் தேர்ந்தெடுக்கவும்' என்றது. நாலு காரணம் இருந்தது. நாலையும் மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே படித்தான், ஐந்தாவது ஒன்று முளைத்திருக்கும் என்பதுபோல. பிறகு நாலாவதைத் தொட்டான். படுத்த படுக்கையான பெற்றோர். கீழே அம்மா அம்மிக்கல்லை நகர்த்தி வைத்துக் கூட்டும் சத்தம் கேட்டது. படுத்த படுக்கை அம்மியை நகர்த்தாது. என்றாலும் மேலே போனான். டாக்டரின் பதிவு எண் கேட்டது. அந்தக் கட்டம் காலியாக இருந்தால் பக்கம் நகராது. ஏன் நகராது என்றால், போன மாதம் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து மாலிக்தான் அதை நகராமல் செய்திருந்தான்.

மென்பொருளின் பின்வாசல் வழியாக உள்ளே போய்த் தன் பெயருக்கு நேராகக் கட்டாய வருகை தொடங்கும் தேதியை மாற்றிவிடலாம். அனுமதி அவனுக்கு இருந்தது. ஆனால் யாராவது அப்படி மாற்றினால் அந்த நிமிடமே செல்வகுமாரிக்கு மின்னஞ்சல் போகும். அந்த யோசனையும் யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து பள்ளிவாசல் ஜமாஅத் செயலாளர் ஹசனைப் பிடித்தான். "பாய், ஒரு லெட்டர் வேணும். ஜமாஅத் சீல் போட்டு. எங்கம்மா இத்தால இருக்காங்கன்னு."

"தரலாம். யாருக்கு?"

"எங்க ஆபீசுக்கு."

ஹசன் செருப்பைத் தேடிக்கொண்டே கேட்டார். "உங்கம்மா உங்க ஆபீஸ்லயா வேல செய்யறாங்க?"

"இல்ல பாய். நான் ஆபீஸ் போவாம இருக்கறதுக்கு."

"இத்தா உங்கம்மாவுக்குத்தானடா? நீ ஏன் உக்காரணும்?"

"தனியா இருப்பாங்க பாய்."

"கடையில சாக்கு தைக்கற சின்னபொண்ணு இருக்காளே?" என்றவர் மாலிக்கின் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே கேட்கவில்லை. கடிதம் கிடைத்தது. பச்சை மையில் முத்திரை. அதைப் படமெடுத்து, டாக்டர் சான்றிதழ் கேட்ட இடத்தில் ஏற்றினான். பதிவு எண் கேட்ட கட்டத்தில் எதைப் போடுவது என்று தெரியாமல் மூடிவைத்தான்.

கடைசியில் நேரில் கேட்பது என்று முடிவு செய்தான். கரிக்கலாம்பாக்கம், மங்கலம் வழியாக வில்லியனூர் சாலைக்கு வண்டியில் முக்கால் மணி நேரம் ஆயிற்று. வழியெல்லாம் நாற்று நட்டிருந்த வயல். ஆபீசுக்கு வர முடியாது என்று சொல்வதற்காக, ஐந்து வருடத்தில் முதல் முறையாக ஆபீசுக்குப் போய்க்கொண்டிருக்கிறோம் என்பது மங்கலம் தாண்டித்தான் அவனுக்கு உறைத்தது. திரும்பிவிடலாமா என்று பார்த்தான். பெட்ரோல் வீண் என்று போனான்.

இரண்டாவது மாடியில் செல்வகுமாரியும் அன்புராஜும் புது மேஜைகளுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். செல்வகுமாரி எழுந்து வந்தாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "இன்னா சாப்ட?" என்று கேட்டாள்.

"சாப்ட்டேன் மேடம்." விஷயத்தைச் சொன்னான். இத்தா என்றால் என்ன என்று விளக்கினான். ஜமாஅத் கடிதத்தை எடுத்துக் காட்டினான். அவள் முழுக்கப் படித்தாள்.

"எவ்ளோ நாள்?"

"அக்டோபர் கடைசி வரைக்கும்."

"ஜூன் பத்து தாண்டிடுச்சி. எங்கையில இருக்கறது ரெண்டு வாரம் மாலிக்."

"தெரியும் மேடம்."

"ரெண்டு வாரம் போதும், நாலு வாரம் எதுக்குன்னு சண்ட போட்டது யாரு?"

"நான்தான் மேடம்."

அன்புராஜ் கையில் ஒட்டும் தாளோடு நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு இது தேனாக இனித்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் அடக்கிப் பார்த்தான். முடியவில்லை. "நாலுல இல்லாத கஷ்டம் ஒன்னு சொல்லு பாக்கலாம்," என்றான் மெதுவாக.

மாலிக் சிரித்தான். அடக்கம் செய்த நாளிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு. சிரித்ததும் கண் கலங்கிவிட்டது. குனிந்து மேஜை எண்ணைப் படிப்பதுபோல நின்றான். பதினேழு.

செல்வகுமாரி யோசித்துவிட்டுச் சொன்னாள். "அந்த அஞ்சாவத மறுபடி சேக்கலாம். ஒனக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும். நானும் அன்புராஜும் முடிவு பண்றோம், ஒன் கேஸ் இருக்கறதால நீ இதுல ஓட்டுப் போட வேணாம். ஆனா டாக்டர் லெட்டர் இல்லாதப்ப யார பாத்துக்கறோமோ அவங்ககிட்ட நேர்ல ஒரு வார்த்த கேக்கணும். பொம்பளைங்க வரலாம் இல்ல?"

"வரலாம் மேடம்."

"நான் இன்னும் துக்கம் கேக்கவும் வரல. ஞாயித்துக்கெழம வர்றேன்."

ஞாயிற்றுக்கிழமைக்குள் மாலிக் தன் தரப்பைத் தயார் செய்தான். அம்மாவிடம், "மேடம் வருவாங்க, கேட்டா நான் வூட்ல இருந்தா ஒத்தாசையா இருக்கும்னு சொல்லு," என்றான்.

"ஒத்தாசையா?" என்றாள் அம்மா.

"ஆமா. சிலிண்டர்லாம் வரும் இல்ல."

"ம்," என்று பாத்திரத்தைக் கவிழ்த்தாள். அதைச் சம்மதம் என்று மாலிக் எடுத்துக்கொண்டான். மென்பொருள் திரைகளை வடிவமைத்துப் பழகியவன். எதிரில் இருப்பவர் மறுப்பு என்ற பொத்தானை அழுத்தாதவரைக்கும் சம்மதம்தான் அவனுக்கு.

செல்வகுமாரி வந்தாள். வண்டி ஓட்டிக்கொண்டு அன்புராஜும் வந்தான். அவன் உள்ளே போகக் கூடாது என்பதால் கடையிலேயே நின்றான். அவனுக்குத் துணையாக மாலிக்கும் நின்றான். கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் கதவு இல்லை, திரைதான். ஞாயிறு என்பதால் பாதி ஷட்டர் இறக்கியிருந்தது. கிழிந்த சாக்கு தைக்கிற சின்னபொண்ணு மட்டும் கல்லாவுக்குக் கீழே உட்கார்ந்து கோணி ஊசியில் சணல் கோத்துக்கொண்டிருந்தாள். கடையை இப்போது அவள்தான் திறந்து மூடினாள். அவள் இருப்பதை மாலிக் ஆபீசில் குறிப்பிடவில்லை.

உள்ளே கொஞ்ச நேரம் துக்கப் பேச்சு நடந்தது. பிறகு செல்வகுமாரியின் குரல். "மாலிக் வூட்டுலேர்ந்தே வேல பாத்தா ஒங்களுக்கு ஒத்தாசையா இருக்கும்னு சொன்னாரும்மா."

"இன்னா ஒத்தாசை?"

"சிலிண்டர் வந்தா..."

"சிலிண்டரு சின்னபொண்ணு வாங்கி வெப்பா. லோடு வந்தா அவளே எண்ணி எறக்குவா. அவங்க இருந்தப்பவே அவதான் எண்ணுவா, அவங்க டீ குடிக்கப் போயிடுவாங்க." அம்மா அதோடு விடவில்லை. "இவன் எனக்கு இன்னா செய்யறான்னு சொல்லட்டா? காலைல டீ கேப்பான். பத்து மணிக்கு டீ. 'அம்மா மிக்ஸி போடாத, போன் கால்ல இருக்கேன்.' குக்கரு விசில் வந்தா மேலேர்ந்து தரைய தட்டுவான். அஞ்சு வருசமா நான் மாவு அரைக்கறது அவன் மீட்டிங்கு பாத்துதான்."

சின்னபொண்ணு தலையை நிமிர்த்தாமல் சிரித்தாள். அன்புராஜ் மாலிக்கைப் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டான்.

"இத்தா எனக்கு. ஆம்பளைக்கு இத்தா கெடையாது. ஆனா அவன்தான் உக்காந்திருக்கான் மா. அவங்க போனதுலேர்ந்து சவரம் பண்ணல, மாடிய வுட்டு எறங்கல. என்ன பாத்துக்கறேங்கறான். நான்தான் அவன பாத்துக்கினு இருக்கேன். மூச்சு வுட்றானான்னு ராத்திரி ஏறிப் போயி பாக்கறேன்."

செல்வகுமாரி ஏதோ சொன்னாள். கேட்கவில்லை.

"இன்னொன்னு சொல்றேன், அவன்கிட்ட சொல்லாத." அம்மா குரலைத் தாழ்த்தினாள். அந்த வீட்டில் தாழ்த்திய குரல்தான் திரைக்கு இந்தப் பக்கம் நன்றாகக் கேட்கும். "நாப்பது வருசம் குடும்பம் நடத்தியிருக்கேன். ஒரு தடவ வாய்வுட்டு அழ முடியல. நெனப்பு வரும், அழுவ வரும், மேல இவன் மைக்கு போட்டுக்கினு பேசிக்கினு இருப்பான். அந்தாண்ட எந்த ஊர்க்காரனோ கேட்டுக்கினு இருப்பான். முந்தானைய வாய்ல வெச்சிக்கினு பின்பக்கம் போயிடுவேன். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம், அவன எங்கனாச்சும் வெச்சிக்க மா. எனக்கு அது போதும்."

அன்புராஜ் சட்டென்று திரும்பிச் சுவரில் தொங்கிய நைலான் கயிற்றை எடுத்தான். "இது மீட்டர் இன்னா வெல?" என்று கேட்டான்.

மாலிக்குக்குத் தெரியவில்லை. சின்னபொண்ணுதான் சொன்னாள்.

வெளியே வந்த செல்வகுமாரியின் கண் சிவந்திருந்தது. "அந்த ரெண்டு வாரத்த தர்றேன் மாலிக். வேணுமா?"

"வேணாம் மேடம்."

"அஞ்சாவத சேத்துடறோம். அது தனி."

"நானே கோட் எழுதிடறேன் மேடம்."

அன்று இரவு எழுதினான். மூன்று வரி மாற்றம்தான். ஒரு மனுஷனை வெளியே நிறுத்தத்தான் நாற்பது வரி ஆகியிருந்தது. காரணத்தை விண்ணப்பிப்பவரே சொந்த வார்த்தையில் எழுத ஒரு கட்டம் வைத்தான். பழக்கம் விடுமா, குறைந்தது இருபது எழுத்தாவது இருக்க வேண்டும் என்று அங்கேயும் ஒரு விதி போட்டான். இனிமேல் மிக்ஸியை எப்போது வேண்டுமானாலும் போடலாம் என்று கீழே போய்ச் சொல்ல நினைத்தான். சொன்னால், அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டான் என்று அம்மாவுக்குத் தெரிந்துவிடும். சொல்லவில்லை.

ஜூலை முதல் தேதி, செவ்வாய். மாலிக் சவரம் செய்தான். பேன்ட் இடுப்பில் ஏற மறுத்தது. ஐந்து வருட டீ. மூச்சை இழுத்துப் பொத்தானைப் போட்டான். அம்மா சாப்பாட்டு டப்பாவைக் கொடுத்தாள். "பாத்துப் போ" என்று மட்டும் சொன்னாள். எட்டு மணிக்குக் கிளம்பினான். சின்னபொண்ணு இன்னும் வந்திருக்கவில்லை. வீட்டுக் கதவைச் சாத்திப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டான். அம்மாவிடம் இன்னொரு சாவி இருந்தது.

கரிக்கலாம்பாக்கத்தில் மாடுகள் சாலையைக் கடக்கக் காத்திருந்தபோது நெஞ்சில் கையை வைத்தான். அட்டை இல்லை. போன வாரம் புதிதாக வந்த அட்டை, மாடி மேஜையில், ஹெட்செட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. அட்டை மறந்தால் வந்ததாகக் கணக்கில்லை. மதில் சுவரில் ஓட்டை வைக்காமல் எழுதிய விதி. மாடுகளோடு மாடாகத் திரும்பினான்.

கடைத்தெருவில் ஷட்டர்கள் எல்லாம் மூடியிருந்தன. வண்டியை நிறுத்தி, பக்கத்துச் சந்தில் வீட்டு வாசலுக்குப் போய்ச் சாவியை எடுத்துக் கதவின்மேல் கை வைத்தான்.

உள்ளே அம்மா அழுதுகொண்டிருந்தாள்.

அவன் அப்படி ஓர் அழுகையை அவளிடமிருந்து கேட்டதில்லை. அடக்கம் செய்த அன்றைக்கும் இல்லை. முழுத் தொண்டையில், இடையில் மூக்கை உறிஞ்சி, மறுபடி தொடங்கி, யாருக்கும் எதற்கும் பதில் சொல்லத் தேவையில்லாதவள்போல அழுதாள். நடுநடுவே பேசினாள். எல்லாம் அத்தாவிடம்தான். மொட்டைமாடியில் சாக்கைப் போட்டுவிட்டுப் போனதற்குத் திட்டினாள். பிறகு சொன்னாள்.

"இந்தாங்க, ஒங்க மவன் வேலைக்குப் போயிட்டான். கைலி கட்டல. பேன்ட்டு போட்டுக்கினு போனான்."

மாலிக் கதவிலிருந்து கையை எடுத்தான். சாவி சத்தம் போடாமல் பைக்குள் போட்டான். வண்டியைத் தெருமுனைவரைக்கும் தள்ளிக்கொண்டு போய், அங்கே உதைத்துக் கிளப்பினான். பெரியவர் ஒருவர் டீக்கடையிலிருந்து, "இன்னா தம்பி, வண்டி ஓடலியா?" என்று கேட்டார். "ஓடுது" என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது என்பது சாலை விதி. அது அவன் எழுதியது இல்லை என்பதால் மீறினான்.

ஆபீஸ் வாசலில் புதுக் காவலாளி நிறுத்தினான். "அட்டை சார்?"

"மறந்துட்டேன். நான் இங்கதான் வேல பாக்கறேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்களாம் சார். உள்ளே வுடணும்னா இத மாட்டிக்கணும், ஆர்டர் இருக்குது." 'பார்வையாளர்' என்று எழுதிய சிவப்புப் பட்டையைக் கொடுத்தான். மாலிக் மாட்டிக்கொண்டான். பதினேழாம் எண் மேஜையில் உட்கார்ந்து ஒன்பதரை மணி முதல் ஐந்து மணிவரை எழுந்திருக்காமல் வேலை பார்த்தான். பள்ளிக்கூடம் ஒன்றுடன் நடந்த இணையக் கூட்டத்தில் அந்தப் பக்கத்து அம்மாள், "எங்க சார், பின்னாடி சாக்கு தூக்கிக்கினு போவாரே, அவரக் காணோம்?" என்று கேட்டாள். மாலிக் சொன்னான். கூட்டம் கொஞ்ச நேரம் யாரும் பேசாமல் நின்றது. எல்லோருடைய ஒலியும் திறந்துதான் இருந்தது.

ஐந்து மணி தாண்டியதும் மின்னஞ்சல் வந்தது. 'அன்புடையீர், இன்று கட்டாய வருகை நாளாக இருந்தும் தாங்கள் அலுவலகத்துக்கு வரவில்லை என்பதைக் கவனித்தோம். இது முதல் எச்சரிக்கை.' அந்த 'அன்புடையீர்' வேண்டுமா வேண்டாமா என்று மே மாதத்தில் அரை மணி நேரம் வாதாடியவன் மாலிக். முதல் நாளில் மொத்தக் கம்பெனியிலும் போன ஒரே எச்சரிக்கை அதுதான்.

அன்புராஜ் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துப் படித்தான். சிவப்புப் பட்டையைப் பார்த்தான். மறுபடி படித்தான். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"ஏன்டா, பாதி வழியில ஞாபகம் வந்தா திரும்பிப் போயி எடுத்துக்கினு வர வேண்டியதுதான?"

"போனேன்."

"அப்பறம்?"

"கதவு சாத்தியிருந்துது."

"சாவி இல்லியா?"

"இருந்துது."

அன்புராஜ் சிரிப்பை நிறுத்தினான். ஞாயிற்றுக்கிழமை கடையில் நின்றவன் அவன். மேலே எதுவும் கேட்காமல், "டீ சொல்றேன்" என்று போனான்.

எச்சரிக்கைக்குக் கீழே விளக்கம் தர ஒரு சுட்டி இருந்தது. மாலிக் அழுத்தினான். காரணத்தைத் தேர்ந்தெடுக்கவும். இப்போது ஐந்து இருந்தது. ஐந்தாவதைத் தொட்டான். கட்டம் திறந்தது. இருபது எழுத்துக்குக் குறையக் கூடாது. கொஞ்ச நேரம் விரலை வைத்துக்கொண்டு இருந்தான். பிறகு எழுதினான்.

'வீட்டில் அம்மா வேலையாக இருந்தார்கள்.'

எதிர் அறையில் செல்வகுமாரியின் கணினி மணி அடித்தது கேட்டது. கண்ணாடி வழியாக அவள் படிப்பதும் தெரிந்தது. ஒரு முறை படித்தாள். இன்னொரு முறை படித்தாள். நிமிர்ந்து பார்க்காமலே ஒப்புதல் தந்தாள்.